வில்லுப்பாட்டை வெட்டித் தரும் செயலிக்கு வருடச் சந்தா கட்டலாமா?

கேள்வி: எங்க ஊர் கோயில் கொடையில சுடலைமாடன் கதை வில்லுப்பாட்டு 200 நிமிஷம் ரெக்கார்டு பண்ணியிருக்கோம். அதைத் தானா துண்டு துண்டா வெட்டி, தினம் ஒண்ணா யூடியூப்ல போடுற ஏஐ செயலி ஒண்ணு இருக்கு. வருடச் சந்தா கட்டினா மலிவுங்காங்க. கட்டலாமா?
— நாங்குநேரி வாசகர்

பதில்: இப்போதைக்கு வருடச் சந்தா வேண்டாம். தேவைப்பட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை பேச்சை எழுத்தாக்கி, அந்த எழுத்தைப் படித்துத்தான் எந்த இடம் விறுவிறுப்பு என்று முடிவு செய்கின்றன. அண்ணாவி வசனமாகக் கதை சொல்லும் இடங்களில் இது ஓரளவு எடுபடும். குடமும் உடுக்கையும் சேர்ந்து ஒலிக்கும் பாட்டில் எழுத்து உளறத் தொடங்கும். இலவச நிமிடங்களில் ஒரு வசனப் பகுதியையும் ஒரு பாட்டுப் பகுதியையும் ஏற்றி, கீழே ஓடும் எழுத்தை வாசித்துப் பாருங்கள். பாட்டு வரிகள் பொருளற்று வந்தால், அங்கே செயலி கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வெட்டுகிறது. ஊர் ஜனம் எழுந்து நிற்கிற அந்தக் கட்டங்களை நீங்களே குறித்து வெட்ட வேண்டியிருக்கும்.

பல செயலிகள் கட்டணத்தை வெட்டிய துண்டுகளுக்குக் கணக்கிடுவதில்லை, ஏற்றுகிற நிமிடங்களுக்குத்தான். மாதம் 300 நிமிடம் தருகிற திட்டம் என்றால், உங்கள் ரெக்கார்டிங் முழுதாக ஒரு தடவை ஏறியதும் மிச்சம் 100தான். வசனப் பகுதிகளை முதலில் தனியாகப் பிரித்து அவை 70 நிமிடம் வந்தால், அதே காசில் இன்னும் மூன்று கொடைகளின் வசனத்தையும் ஏற்றிவிடலாம்.

வெட்டி வந்ததை அப்படியே போட்டுவிடாதீர்கள். செயலி துண்டுகளை, விறுவிறுப்புக்குத் தான் போடும் மதிப்பெண் வரிசையில் அடுக்கும், கதை வரிசையில் அல்ல. மாடன் விளக்குச் சுடரில் பிறக்கும் கட்டத்துக்கு முன்னாலேயே மலையாளம் போகும் கட்டம் வந்து நிற்கும். தொடராகப் போடுகிறவருக்கு இது பெரிய கோளாறு. ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, கதைப்படி அடுக்கிவிட்டுத் தேதி கொடுங்கள். தொடக்கத்தையும் கேட்டுப் பாருங்கள். பின்பாட்டுக்காரரின் "ஆமா"வில் துண்டு ஆரம்பித்தால், அண்ணாவி அதற்கு முன் சொன்ன வரி விடுபட்டிருக்கும். அந்த வரி வரைக்கும் பின்னால் இழுத்து வையுங்கள்.

தேதி குறித்துப் போடுவதற்கென்று தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. யூடியூப் ஸ்டூடியோவில் வீடியோவை ஏற்றும்போது Schedule என்பதில் நாளும் நேரமும் கொடுத்தால் தானாக வெளியாகும். நிமிர்ந்த வடிவ வீடியோ மூன்று நிமிடம் வரை ஷார்ட்ஸாகவே போகும். Related video என்ற இடத்தில் முழு வில்லுப்பாட்டின் வீடியோவை இணைத்துவிட்டால், துண்டைப் பார்த்தவர் ஒரே தட்டில் முழுக்கதைக்குப் போகலாம்.

கட்டுவதற்கு முன் பாட்டுக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாடியது அவர்கள் குரல். மாதச் சந்தாவும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேலை முடிந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள்.