குவாரிக் கணக்கில் இரண்டு IRR

“முதலீடு 100 லட்சம், முதலாண்டு வரவு 230 லட்சம், இரண்டாம் ஆண்டு குழி மூடி நிலத்தைச் சீரமைக்க 132 லட்சம் செலவு. எக்செல் IRR 10% காட்டுகிறது, கணக்காளர் 20% என்கிறார். யார் சரி?”

இருவருமே சரிங்க. எல்லா வரவு செலவுகளின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் பூஜ்ஜியம் வரவைக்கும் வீதம்தான் IRR. பணவோட்டத்தின் குறி இரண்டு முறை மாறுகிறது: கழித்தல், கூட்டல், மறுபடி கழித்தல். அதனால் இரண்டு விடை வரலாம். B2, B3, B4-இல் முறையே -100, 230, -132 என இட்டு, தொடக்க ஊகத்தை மாற்றிப் பாருங்கள்:

```
=IRR(B2:B4,5%)
=IRR(B2:B4,30%)
```

முதலாவது 10%, அடுத்தது 20% தரும். இரண்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மூலதனச் செலவு வீதத்தில் நிகர இன்றைய மதிப்பைப் பாருங்கள்:

```
=B2+NPV(12%,B3:B4)
```

12%-இல் சுமார் 12,750 ரூபாய் மிச்சம். 8%-இல் 20,000 ரூபாய்க்கு மேல் நட்டம்! வட்டி குறைந்தால் லாபம் கூடும் என்ற வழக்கம் இங்கே தலைகீழ். வீதம் குறையக் குறைய, கடைசியில் வரும் மூடல் செலவின் இன்றைய சுமை ஏறுகிறது.

என்னைக் கேட்டால், வீதத்தைவிட அந்த 132 லட்சத்தைத்தான் சந்தேகிப்பேன். அது 10% கூடினாலே, 12%-இல் பத்து லட்சத்துக்கு மேல் நட்டம். மண் நிரப்பும் கனமீட்டர், லாரி தூரம், மேல்மண் இருப்பு மூன்றையும் தனித்தனியாக விலைபோட்டுச் சரிபாருங்கள்.