ஆறு லட்சம் என்றால் மாதம் ஐம்பதாயிரமா?

ஐயா, உங்கள் மகளுக்கு ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் என்று பணிநியமனக் கடிதம் வந்திருக்கிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 50,000 வரும் என்று கல்விக் கடனுக்கான தவணையையும் குறித்து வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கைத் தயவுசெய்து இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். 6,00,000 என்பது சி.டி.சி., அதாவது அவளுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அவள் வங்கிக் கணக்குக்கு வரும் தொகை வேறு.

கடிதத்தின் இணைப்பில் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000 என்று இருக்கிறது. அதில் 12 விழுக்காடு, 3,000 ரூபாயை, நிறுவனம் தன் பங்காக பி.எஃப். கணக்கில் கட்டுகிறது. ஆண்டுக்கு இது 36,000. பணிக்கொடைக்கு ஓராண்டு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு என 14,430 ரூபாயும், குழு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியமாக 9,570 ரூபாயும் காட்டியிருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்து 60,000. இதைக் கழித்தால் 5,40,000, மாதத்துக்கு 45,000. சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளமாக வரப்போவது இதுதான்.

இதிலிருந்து அவள் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000 போகும். பலர் தடுமாறுவது இங்கேதான். நிறுவனத்தின் பங்கைத்தான் கழித்தாகிவிட்டதே என்று நினைத்துவிடுகிறார்கள். மீதி 42,000. தொழில் வரி மாதக் கணக்கில் ஏறத்தாழ 200 ரூபாய். புதிய வருமான வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆக, கைக்கு வருவது சுமார் 41,800.

பி.எஃப். பணம் இரண்டு பங்கும் அவளுடையதே, அதை இழப்பு என்று எண்ண வேண்டாம். பணிக்கொடை அப்படியல்ல. நிரந்தரப் பணியாளர் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் அது கிடைக்கும். முதல் வேலையை மூன்று ஆண்டில் மாற்றுகிறவர்களுக்கு அந்த 14,430 வெறும் தாள் கணக்கு. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த வரியை நான் அடித்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

மனிதவளத் துறையிடம் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். பி.எஃப். முழு அடிப்படைச் சம்பளத்துக்கா, 15,000 ரூபாய் உச்சவரம்புக்கா என்பது முதல் கேள்வி. உச்சவரம்புக்கு என்றால் இரு பங்கும் 1,800 ஆகும். நிறுவனம் மிச்சப்படுத்தும் 1,200 ரூபாயைப் படியாகத் தந்தால், கையில் மாதம் 2,400 கூடும், சேமிப்பு அந்த அளவுக்குக் குறையும். பெற்றோரைக் காப்பீட்டில் சேர்த்தால் பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பது இரண்டாவது.

பதில் வரும்வரை தவணையை 41,800 ரூபாயை வைத்தே திட்டமிடுங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், வரிக்கு வரி சேர்ந்து சரிபார்ப்போம்.