துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் மாடி வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறேன். இரண்டு படுக்கையறை. காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பினால் மதியம் 2 மணிக்கு அடுத்தது வந்துவிடும். வேலைக்கு வரும் அக்கா நன்றாகத்தான் சுத்தம் செய்கிறார். ஆனாலும் துண்டு குறைகிறது, எது யாரால் உடைந்தது என்றும் தெரிவதில்லை. எந்த வரிசையில் வேலை பார்ப்பது?

பதில்: அக்கா துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்பே நீங்கள் ஒரு சுற்று வந்துவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு பார்த்தால், உடைத்தது தங்கியவரா நம் வீட்டு ஆளா என்று சொல்ல வழியில்லை.

முதலில் குப்பைக்கூடை. கண்ணாடி டம்ளர் உடைந்திருந்தால் சில்லுகள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அப்புறம் ஏசி, கீசர், டிவி ரிமோட், ஃபிளஷ் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. சேதம் இருந்தால் எதையும் நகர்த்தாமல் அங்கேயே போனில் படம் எடுங்கள். அடுத்தவர் உள்ளே வந்துவிட்டால் முந்தையவரிடம் கேட்டுப் பயனில்லை.

கடலோர வீட்டில் தாழ்ப்பாளும் கீலும் தானாகவே இற்றுப்போகும். அதனால் முறிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். உள்வரைக்கும் துருவேறியிருந்தால் அது உப்புக்காற்றின் வேலை, அதற்குப் பணம் கேட்பது நியாயமில்லை. உலோகம் பளிச்சென்று தெரிந்தால் புது முறிவு.

துணிக்கு வருவோம். நான்கு பேருக்கு 2 விரிப்பு, 4 தலையணை உறை, 4 குளியல் துண்டு, 4 கைத்துண்டு, ஆக ஒரு செட்டுக்கு 14 உருப்படி. மூன்று மணி நேரத்தில் துவைத்து, காயவைத்து, விரிப்பதெல்லாம் நடக்காது. ஐப்பசி மழையில் சொல்லவே வேண்டாம். அதனால் மூன்று செட் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். செட்டுக்கு ஒரு நிற நூலை ஓரத்தில் தைத்துவிடுங்கள். கட்டிலிலிருந்து உருவும்போதே எண்ணுங்கள். 13 வந்தால் மொட்டை மாடிக் கொடி, குளியலறைக் கதவின் பின்புறம் எல்லாம் பார்த்துவிட்டு, விருந்தினருக்கு உடனே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பாதிப் பேர் தெரியாமல்தான் பையில் வைத்திருப்பார்கள்.

கறையையும் அப்போதே பிரித்து வையுங்கள். தலையணை உறையில் தலை எண்ணெய் என்றால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி ஊறவைக்க வேண்டும். போகாத கறைமேல் இஸ்திரி போட்டால் அது அங்கேயே தங்கிவிடும். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். மஞ்சள் கறை பெரும்பாலும் வெயிலிலேயே வெளுக்கும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் பிளீச் போடாதீர்கள், வெள்ளைத் துண்டு பழுப்பாகிவிடும்.

சோப்பு, ஷாம்பு விஷயம் எளிது. பாதி கரைந்த சோப்பை அடுத்தவருக்கு வைக்கக் கூடாது, ஆளுக்கொரு சின்னக் கட்டி போதும். ஷாம்புக்கு அழுத்தும் பாட்டில் வைத்தால் ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள், அடைத்திருக்கும். உப்புத் தண்ணீரில் நுரை குறைவு என்பதால் ஷாம்பு சீக்கிரம் தீரும். பாதிக்குக் கீழே இறங்கியதுமே நிரப்பிவிடுங்கள்.