'குட் யூ' போட்டால் கேட்டது கிடைக்குமா?

கேள்வி: வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு நான் எழுதும் ஆங்கில மெயில்கள் அதட்டுவதுபோல இருக்கின்றன என்கிறார் மேலாளர். 'ஐ வாண்ட் த கரெக்டட் பில். ப்ளீஸ் செண்ட் இட் பை ஃபோர் டுடே' என்றுதான் எழுதினேன். இதைவிடக் குழைந்தால் வேலை நடக்குமா?

பதில்: நீங்கள் மரியாதையாகத்தான் நினைத்திருப்பீர்கள், ஆனால் அது தமிழிலேயே தங்கிவிட்டது. 'அனுப்புங்கள்' என்று எழுதும்போது அந்த 'ங்கள்' நம் மரியாதையைச் சுமந்துகொள்கிறது. ஆங்கில 'செண்ட்'டுக்கு அப்படி ஒரு விகுதி கிடையாது, குழந்தைக்கும் முதலாளிக்கும் ஒரே 'செண்ட்'தான். 'ப்ளீஸ்' ஒட்டினாலும் அது கட்டளையாகவே நிற்கிறது. 'பில் வேண்டும்' என்பது நமக்குச் சாதாரணப் பேச்சு, 'ஐ வாண்ட்' என்று போய்ச் சேரும்போது அடம்பிடிப்பதுபோல ஆகிவிடுகிறது.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஐ வுட் லைக் டு கெட் த கரெக்டட் பில். குட் யூ செண்ட் இட் பை ஃபோர் டுடே?' அதே பில், அதே 4 மணி, அனுப்ப வேண்டியவரும் அவரேதான். பள்ளியில் 'குட்' என்றால் 'கேன்' என்பதன் இறந்தகாலம் என்று படித்திருப்போம், இங்கே காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கேட்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிறோம், அவ்வளவுதான்.

நீங்கள் பயப்படும் குழைவு வேறு இடத்தில் இருக்கிறது. 'இஃப் பாசிபிள்', 'வென் யூ ஆர் ஃப்ரீ' என்று சேர்த்தீர்கள் என்றால் 4 மணியை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள், நாளை மதியம் பில் வந்தாலும் அவரைக் குறைசொல்ல முடியாது.

'வுட் லைக்'கில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரு வார்த்தை இடம் மாறினால் வேலையே ஆள் மாறிவிடும். 'ஐ வுட் லைக் டு செண்ட் த பில்' என்றால் பில்லை அனுப்பப்போவது நீங்கள். 'வுட் யூ லைக் டு செண்ட் த பில்?' என்றால் அனுப்ப விருப்பமா என்று உபசரிக்கிறீர்கள், 'இல்லை, நன்றி' என்று அவர் சொல்லிவிடலாம். 'ஐ வுட் லைக் யூ டு செண்ட்' இலக்கணப்படி சரி, ஆனால் மேலதிகாரி உத்தரவிடும் தொனி அதில் ஒட்டியிருக்கிறது, வெளி ஆட்களுக்கு நான் எழுதமாட்டேன். உங்கள் தேவையைச் சொல்ல 'ஐ வுட் லைக் டு', அவர் செய்ய வேண்டியதைக் கேட்க 'குட் யூ', இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. அப்புறம், 'குட் யூ ஏபிள் டு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நம்மில் பலருக்கு வரும் தப்பு அது. 'குட் யூ' என்பதிலேயே 'முடியுமா' இருக்கிறது.

இரண்டு முறை கேட்டும் பில் வரவில்லையா? அப்போது 'வீ நீட் இட் பை ஃபோர் டுடே' என்று நேராகவே எழுதுங்கள், அந்த இடத்தில் அது அதட்டல் ஆகாது.