"நல்லா ஊதிப் போனாய்"

அன்புள்ள அக்கா,
கொழும்பில் வேலை செய்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்தால், படலையிலேயே மாமி "என்ன பிள்ளை, நல்லா ஊதிப் போனாய்" என்கிறா. சிரித்துவிட்டுப் போவதா, திருப்பிக் கொடுப்பதா? ஊருக்கே வராமல் விடலாமா என்றும் யோசிக்கிறேன்.
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

ஊருக்கு வராமல் விடுகிற கதையை விடும். மாமியின் ஒரு சொல்லுக்காகத் தேரைத் தவறவிடுவதா?

போன கிழமை ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த முப்பத்தொன்றுக்குப் போயிருந்தேன். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதிதாக வந்த ஒருத்தி "நல்ல கொழு..." என்று தொடங்க, அம்மம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டா. நெடி வராவிட்டால் நாவூறு பட்டிருக்கிறதாம். ஆக, நாக்குச் சுடும் என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். தொட்டில் பிள்ளைக்கு வைத்திருக்கிற கவனம் வளர்ந்த பிள்ளைக்கு ஏன் இல்லை? "அன்பிலைதானே சொன்னது" என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அன்பு இல்லையென்றும் சொல்லமாட்டேன். போரில் இடம்பெயர்ந்து, 96இல் தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்த சனம், ஒழுங்கையில் கண்டதும் "மெலிஞ்சு போனியள்" என்றுதான் தொடங்கியது. சாப்பிட்டீர்களா, எதை இழந்தீர்கள் என்று நேரே கேட்க முடியாத காலம். அன்றைக்கு அதைக் கேட்டு அழுதவர்களில் நானும் ஒருத்தி.

சரி, மாமிக்கு வருவோம். உமக்கு ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: விளக்கம் கொடுக்காதேயும். ஒரு சொல்கூட. எனக்கு ஒருமுறை வருத்தம் வந்து பல மாதம் ஸ்டெரொய்ட் குளிசை போட்டேன். அது முகத்தை வீங்க வைக்கும். கன்னம் இரண்டும் பூரணை நிலவு. சந்தையில் கண்ட பெரியம்மா "என்ன, உருண்டு போனாய்" என்றா. நான் மடைச்சி, குளிசையின் பெயரிலிருந்து வைத்தியர் சொன்னது வரை ஒப்புவித்தேன். பின்னேரத்துக்குள் எனக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று ஊர் முழுக்கக் கதை. அதைவிட மோசம், அடுத்த நாள் அந்தக் குளிசையை நானே நிறுத்தப் பார்த்தேன். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று வைத்தியரிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். விளக்கம் சொன்னால் உமது உடம்பு விசாரணைக்கு வந்துவிடும். குறுக்குக் கேள்வி வரும், வெந்தயத் தண்ணீர் வரும், கல்யாணம் எப்போது என்பதும் வரும்.

"ஓம் மாமி" என்று சொல்லும். மூச்சு விடாமல் அடுத்தது: "உங்கடை முழங்கால் நோ எப்பிடி?" மறுபடி தொடங்கினால் சிரிக்காமல், "அதை விடுங்கோ மாமி, பிளேன்ரீ இருக்கோ?" அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நாலு பேர் முன்னால் சொன்னால் இந்த நயமெல்லாம் வேண்டாம். "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லும்.

அந்தப் பெரியம்மாவிடம் பிறகு நான் முழங்காலைத்தான் கேட்டேன். அரை மணித்தியாலம் எண்ணெய், ஒத்தடம், இரவு நித்திரையில்லை என்று சொன்னா. என் கன்னத்தை மறந்தே போனா. போகும்போது ஒரு கட்டு முருங்கைக்காயும் தந்துவிட்டா.