வீட்டு ஓனர் இன்சூரன்ஸ் போடச் சொல்கிறார்

"திருவாரூரில் வாடகைக்கு, தரைத்தளத்தில் இருக்கிறோம். கட்டடத்துக்கு ஓனர் பாலிசி வைத்திருக்கிறார். சாமான்களுக்கு எங்களையும் எடுக்கச் சொல்கிறார். அவருடையதே போதாதா?"

போதாது. ஐப்பசி மழையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்தது என்று வையுங்கள். சுவர்ப் பூச்சு, கதவு, ஒயரிங் இதற்கெல்லாம் அவர் பாலிசி தரும். உங்கள் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, நீங்கள் வாங்கி மாட்டிய இன்வெர்ட்டர் எதற்கும் தராது. அவர் பாலிசியில் 'வீட்டுப் பொருட்கள்' என்று இருந்தாலும் அது அவருடைய பொருட்களைத்தான் குறிக்கும்.

2021 ஏப்ரலில் இருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. வாடகைக்காரர் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் அதை எடுக்கலாம். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். தொகையைப் பழைய விலையில் போடாதீர்கள், இன்று புதிதாக வாங்கினால் என்ன ஆகுமோ அதைப் போடுங்கள். ஃப்ரிட்ஜ் 28,000, வாஷிங் மெஷின் 18,000, டிவி 25,000, கட்டில் மெத்தை 30,000 என்று கூட்டினாலே ஒரு லட்சம் தாண்டிவிடும். துணிமணி, பாத்திரம் தனி.

பலர் ஏமாறுவது திருட்டில்தான். வெள்ளம் போன்ற ஒன்று நடந்து 7 நாளுக்குள் திருடு போனால்தான் இதில் கிடைக்கும். சும்மா பூட்டை உடைத்தால் கிடைக்காது, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். நகைக்குக் கூடுதல் கவர் கேட்டு வாங்க வேண்டும். ரொக்கத்துக்குக் கிடையாது. வாசலில் நிற்கும் பைக்கும் இதில் வராது.

அப்புறம், பில்களையும் பொருட்களின் போட்டோக்களையும் மெயிலில் போட்டு வையுங்கள். பீரோவில் வைத்தால் அதுவும் சேர்ந்து நனையும்.