இரண்டாம் ஆண்டு ஆய்வு முன்னேற்ற மதிப்பாய்வு: அறிக்கையும் ஸ்லைடுகளும்

கேள்வி: இரண்டாம் ஆண்டு பிஎச்.டி. முன்னேற்ற மதிப்பாய்வுக்கு அறிக்கையும் ஸ்லைடுகளும் எப்படித் தயாரிப்பது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வாளர் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழுவிடம் சுருக்கமான அறிக்கை அளித்துத் தம் பணியை விளக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில், எஞ்சிய காலத்துக்குள் ஆய்வு முடியுமா என்பதையே குழு முதன்மையாகப் பார்க்கிறது; வீட்டுக்கடனின் அடுத்த தவணையை விடுவிக்கும் முன், வங்கிப் பொறியாளர் வரைபடத்தையும் எழும்பிய சுவரையும் ஒப்பிடுவதைப் போன்றது இது. ஆகவே அறிக்கை, ஒப்புக்கொண்ட திட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். மூன்று பருவகாலங்களிலும் கிணற்று நீர் மாதிரி எடுப்பதாகச் சொன்னவர் மழைக்கால மாதிரியைத் தவறவிட்டிருந்தால், அதன் காரணத்தையும், மாற்றுக் கால அட்டவணையையும், அதனால் எந்த இயல் தள்ளிப்போகும் என்பதையும் எழுத வேண்டும். ஸ்லைடுகளில் சென்ற கூட்டத்தின் பரிந்துரைகளும் அவற்றுக்குச் செய்தவையும் முதலில் வரட்டும். முந்தைய ஆய்வுகளுக்கு ஒரே ஸ்லைடு போதும் என்பது என் கருத்து. கருதுகோளுக்கு மாறான முடிவைக் காட்டினால் மதிப்பீடு குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். காரணத்தோடு விளக்கினால் அதுவும் முன்னேற்றம்தான்.